வரலாற்றுக் கதை உரையாடலில் பழஞ்சொல்

படைப்பாக்கப் பயிற்சியில் வரலாற்றுக் கதை எழுதச் சொன்னால், மாணவர் பெரும்பாலும் “வேந்தே, செப்புக” என்றே தொடங்குகின்றனர். சொல் பழையதுதான், ஆனால் கதை நடக்கும் காலத்துக்கு உரியதா என்பதே கேள்வி.

திண்டுக்கல் மாவட்டக் கன்னிவாடியை எடுத்துக்கொள்வோம். இது முன்பு நாயக்கர் ஆண்ட பாளையம். 1792-இல் திப்பு சுல்தானுடன் செய்த உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதற்குப் பிந்தைய காட்சி ஒன்றை ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார் எனக் கொள்வோம்:

“சார், கம்பெனி கலெக்டர் லெட்டர் அனுப்பியிருக்கிறார். பத்து நிமிடத்தில் பதில் வேண்டுமாம். வரி கட்டாவிட்டால் படை வரும்.”

இதில் எல்லாச் சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. ‘கலெக்டர்’ அக்காலத்திலேயே இருந்த பதவி. ‘பதில்’, ‘படை’ ஆகியவையும் பொருந்தும். கம்பெனியை மக்கள் ‘கும்பினி’ என்றனர். ‘லெட்டர்’ என்பதற்கு ‘ஓலை’ என எழுதத் தோன்றும். ஆனால் கும்பினியார் எழுதியது தாளில். ஆகவே ‘காகிதம்’ என்பதே சரி. கடிதத்தைக் காகிதம் என்று சொல்லும் முதியோர் நம் ஊர்களில் உண்டு. தவணையாகக் கட்டும் வரிக்குக் ‘கிஸ்தி’. இது கட்டபொம்மன் திரைப்படத்தால் மாணவர் அறிந்த சொல். நேரத்துக்கு ‘நாழிகை’, ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை. பத்து நிமிடத்துக்கு ‘அரை நாழிகை’ ஏறக்குறையப் பொருந்தும்.

“சாமி, கும்பினிக் கலெக்டர் காகிதம் அனுப்பியிருக்கிறார். அரை நாழிகைக்குள் பதில் வேண்டுமாம். கிஸ்தி கட்டாவிட்டால் படை வரும்.”

மாறியவை ஐந்து இடங்களே. வினைகள் அனைத்தும் இன்றைய வினைகள். காலத்தைக் காட்டுபவை பெரும்பாலும் பெயர்ச்சொற்கள்: பதவி, பணம், அளவு, விளிச்சொல். வினைகளையும் ‘செப்பினான்’, ‘ஈந்தான்’ என்று மாற்றினால், பேச்சு செய்யுள்நடையாகிவிடும். மேலும், கிஸ்தி, கலெக்டர் போன்ற அயற்சொற்களை நீக்கித் தனித்தமிழாக்கினால் 18-ஆம் நூற்றாண்டின் பேச்சே மறைந்துவிடும். அதே ‘கிஸ்தி’ சோழர் காலக் கதையில் வந்தால் பிழை.

பொருள் மாறிய சொற்களில் கூடுதல் கவனம் தேவை. ‘நாற்றம்’ முன்பு நறுமணத்தையும் குறித்தது. “மலரின் நாற்றம்” என்று பாத்திரம் பேசினால், இன்றைய வாசகர் வேறு பொருள் கொள்வார். அங்கே ‘மணம்’ என்பதே போதும், அதுவும் பழஞ்சொல்தான்.

வகுப்பில், மாணவர் எழுதிய உரையாடலில் பெயர்ச்சொற்களை மட்டும் அடிக்கோடிடச் செய்யலாம். ஒவ்வொன்றிலும் இரு கேள்விகள்: இந்தப் பொருள் அன்று இருந்ததா? இருந்தால், அன்று அதற்கு என்ன பெயர்? திருத்திய பின், அதைப் படித்திராத மற்றொரு மாணவரிடம் உரக்க வாசித்துக் காட்டட்டும். பழஞ்சொல்லின் பொருளைச் சூழலைக் கொண்டே அவர் சொல்லிவிட்டால் அது நிற்கலாம். அடிக்குறிப்பு தேவைப்பட்டால், அந்த வரியை மாற்றி எழுத வேண்டும்.