நான்காம் நம்பர் குடுவை

1. பளபளக்கிற கண்ணாடியைச் சுத்தமான கண்ணாடி என்று நம்பிவிடாதீர்கள். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நாம் வாங்கி வைக்கும் ஸ்டாக் கரைசலிலோ லிட்டருக்கு 1000 மில்லிகிராம் ஈயம். அந்தக் கரைசலில் ஒரு மில்லியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, மூடி உட்காரும் கழுத்தில் ஒட்டியிருந்தால் போதும். 100 மில்லி குடுவையில் அது கலந்ததும், ஈயமே இல்லாத தண்ணீர்கூட வரம்பைத் தொட்டுவிடும்.

2. எந்த மாதிரி எந்தக் குடுவையில் போனது என்று எழுதி வையுங்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் அப்படி எழுதியதால்தான் பிழைத்தோம். கிணற்று நீரில் ஈயம் பார்க்கும் வேலை. ஆறு குடுவைகள், நாளைக்கு ஆறு கிணறுகள், ஐந்து நாள். ஐந்து கிணறுகளில் ஈயம் தெரிந்தது. மூன்றில் வரம்பையும் தாண்டியது. கிணறுகளை மூடச் சொல்லும் அறிக்கை ஏறக்குறைய தயார். சனிக்கிழமை அவள் நோட்டுடன் வந்து, “சார், கிணத்து வரிசையில பார்த்தா ஒண்ணும் புரியல. குடுவை வரிசையில பாருங்க” என்றாள். நான்காம் நம்பரில் மட்டும் திங்கள் முதல் வெள்ளிவரை 19, 14, 11, 7, 6. மற்ற ஐந்திலும் 2-க்குக் கீழே. தினமும் வேறு வேறு ஊர்க் கிணறு. அளவு மட்டும் படிப்படியாக இறங்குகிறது. தண்ணீர் அப்படி இறங்காது, கழுவக் கழுவக் கரையும் அழுக்குதான் இறங்கும். அதற்கு முன்பு அந்தக் குடுவையில் யாரோ ஸ்டாக் கரைசல் கலக்கியிருக்கிறார்கள். பிறகு சோப்பும் குழாய்த் தண்ணீரும்தான் பட்டிருக்கின்றன.

3. பிளாங்க்கை மாதிரி போகும் வழியிலேயே அனுப்புங்கள். அந்த வாரம் முழுக்க பிளாங்க் சுத்தமாகத்தான் வந்தது, ஏனென்றால் அதற்கென்று தனியாக ஒரு நல்ல குடுவை வைத்திருந்தோம். அந்தப் பழக்கத்தை அனுமதித்தது என் தவறு. அந்தச் சனிக்கிழமை மாலை ஆறு குடுவைகளிலும் 1 சதவீத நைட்ரிக் அமிலம் ஊற்றி, கழுத்து நனையும்படி குலுக்கி, திங்கள்வரை வைத்து அளந்தோம். நான்காவதில் 4, மற்றவற்றில் 1-கூட இல்லை.

4. அந்த 4-ஐக் கழித்துவிட்டு முடிவைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். முந்தைய திங்களன்று அந்தக் குடுவை எவ்வளவு கொடுத்தது என்று இனி யாருக்கும் தெரியாது.

5. குடுவையையும் மூடியையும் 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு முழுக்க ஊற வைத்து, அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசுங்கள். குரோமிக் அமிலம் வேண்டாம். அதன் குரோமியம் கண்ணாடியில் தங்கிவிடும். ஸ்டாக் கலக்கும் குடுவைகளுக்கு அடையாளமிட்டு வேறு அலமாரியில் வையுங்கள்.

6. மாதிரியை எடுத்த அன்றே நைட்ரிக் அமிலம் சேர்த்து, மீதியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் பத்திரப்படுத்துங்கள். நாங்கள் அப்படி வைத்திருந்ததால் முப்பதையும் மறுபடி அளக்க முடிந்தது. மூடச் சொல்லவிருந்த மூன்று கிணறுகளிலும் ஈயம் 2-க்குக் கீழேதான் இருந்தது.