பால் கட்டினால் பாலை நிறுத்த வேண்டாம்

ஊருக்குத் திரும்பிய முதல் வாரங்களில் கைக்குழந்தையுள்ள தாய்மாருக்கு ஓய்வு கிடைப்பதில்லை. வளவு துப்புரவாக்க வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், நிவாரண அட்டைக்காக வரிசையில் நிற்க வேண்டும். பிள்ளையை அம்மாவிடமோ மாமியிடமோ விட்டுவிட்டுப் போய் ஐந்தாறு மணித்தியாலம் கழித்து வரும்போது ஒரு பக்க மார்பு கல்லுப்போல இருக்கும். இதைத்தான் பால் கட்டுதல் என்கிறோம். அநேகமாக இது வீட்டிலேயே மாறிவிடும். சிலருக்கு மட்டும் காய்ச்சலாகி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படும். எது எப்படிப்பட்டது என்று அறிவதற்கே இந்தப் பாடம்.

என்ன நடக்கிறது?

மார்பினுள் பால் பல சிறு குழாய்கள் வழியாகக் காம்புக்கு வருகிறது. நேரத்துக்குப் பால் வெளியேறாவிட்டால், அல்லது இறுக்கமான உடுப்பு ஓரிடத்தை அழுத்தினால், அந்த இடத்தில் பால் தேங்கி வீங்கும். தொட்டால் நோகும் கட்டி தெரியும். ஆனால் காய்ச்சல் இராது, தாய் சுகமாகவே இருப்பார். இது பால் கட்டு.

தேங்கிய பால் சுற்றியுள்ள சதையை அழற்சியாக்கும்போது அந்த இடம் சிவந்து சூடாகும். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வரும், உடம்பு முழுவதும் உளையும். இது மார்பு அழற்சி. இந்த நிலையிலும் கிருமி கட்டாயம் இருக்கும் என்றில்லை. காம்பில் வெடிப்பு இருந்தால் தோலில் வாழும் கிருமி அதன் வழியாக உள்ளே போக இடமுண்டு. அதனால்தான் காய்ச்சல் வந்த எல்லாருக்கும் உடனே மருந்து கொடுப்பதில்லை, வெடிப்புள்ளவர்களைக் காக்க வைப்பதுமில்லை.

ஓர் உதாரணம்

மண்டூரில் குடியேறிய ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். பிள்ளைக்கு இரண்டரை மாதம். திங்கட்கிழமை பின்னேரம் வளவு வேலை முடித்து வந்தபோது இடது மார்பின் வெளிப்பக்கத்தில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி. காய்ச்சல் இல்லை.

அவர் செய்ய வேண்டியது பிள்ளைக்குப் பால் கொடுப்பதுதான். நோவுள்ள பக்கத்தை முதலில் கொடுக்கலாம். நோ தாங்க முடியாவிட்டால் மற்றப் பக்கத்தில் தொடங்கி, பால் சுரந்து வரத் தொடங்கியதும் இந்தப் பக்கம் மாற்றலாம். பிள்ளை வாயை அகலத் திறந்து, நாடி மார்பில் படும்படி, காம்பை மட்டுமல்லாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதியையும் கவ்வ வேண்டும். காம்பை மட்டும் சப்பினால் பால் சரியாக வராது, காம்பும் வெடிக்கும்.

கொடுக்கும்போது கட்டியிலிருந்து காம்பை நோக்கி விரலால் மெதுவாகத் தடவலாம். எண்ணெய் பூசி அழுத்திப் பிசைவது கூடாது. அது உள்ளே வீக்கத்தைக் கூட்டும். கொடுத்து முடிந்தபின் மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணியை மேலே போட்டால் வீக்கமும் நோவும் குறையும். பிள்ளை குடிக்க மறுத்தால், கையைக் கழுவி, கையாலேயே பாலைக் கறந்து சுத்தமான கோப்பையில் எடுக்கலாம். நோகாமல் இருக்கும் அளவுக்குக் கறந்தால் போதும்; கடைசிச் சொட்டு வரை கறந்தால் பால் இன்னும் கூடுதலாகச் சுரந்து மறுபடியும் கட்டும்.

செவ்வாய் காலையில் கட்டி பாதியாகிவிட்டது. அவர் மறுபடியும் வளவுக்குப் போய்விட்டார். பின்னேரம் குளிர் நடுங்கியது. மார்பில் கைவிரல் அகலத்துக்குச் சிவப்பு. அயல்வீட்டு அக்கா, “பால் கெட்டுப்போச்சு, பிள்ளைக்குக் குடுக்காத” என்கிறார்.

பால் கெடவில்லை. அழற்சியுள்ள மார்பின் பால் சற்று உப்பாக இருக்கும், அதனால் பிள்ளை முகம் சுளிக்கலாம். ஆனால் நிறைமாதத்தில் பிறந்த சுகமான பிள்ளைக்கு அது தீங்கு செய்யாது. இப்போது திடீரென்று நிறுத்தினால்தான் பால் மேலும் தேங்கிச் சீழ்க்கட்டியாக மாறும் ஆபத்து கூடும்.

நோவுக்கும் காய்ச்சலுக்கும் அவர் 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு குளிசை எடுக்கலாம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் எட்டுக் குளிசைக்கு மேல் வேண்டாம். ஐபுபுரோபென், அஸ்பிரின் போன்ற நோவுக் குளிசைகளைத் தாமாக வாங்கிப் போட வேண்டாம். நம் பகுதியில் காய்ச்சல் என்றால் டெங்காகவும் இருக்கலாம். டெங்கில் அவை இரத்தக்கசிவை உண்டாக்கும்.

எப்போது மருந்து தேவை?

காய்ச்சல் தொடங்கிய நேரத்தைக் குறித்துவைக்கவும். இரவு முழுவதும் நன்றாகப் பால் கொடுத்து, படுத்து ஆறியும், 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் குறையாவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும். பின்வருவோர் அதுவரை காத்திருக்கக் கூடாது:

- காம்பில் வெடிப்போ புண்ணோ உள்ளவர்
- இரண்டு மார்பும் சிவந்தவர், அல்லது காம்பில் சீழ் வருபவர்
- பிள்ளை பிறந்து ஆறு வாரம் ஆகாதவர் (காய்ச்சல் கர்ப்பப்பையிலிருந்தும் வரலாம்)
- மயக்கம், மூச்சு வாங்குதல், ஓயாத வாந்தி உள்ளவர்

எங்கள் உதாரணத் தாய்க்குப் புதன் காலையிலும் காய்ச்சல் நிற்கவில்லை. அவர் மண்டூர்த் துறையில் பாதை ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போகிறார், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. வழியிலும் பால் கொடுக்கிறார். வாவியைக் கடக்க வேண்டியவர்கள் 24 மணித்தியாலம் முடியும்வரை பார்த்திருக்காமல், பகலிலேயே புறப்படுவது நல்லது. நடு இரவில் காய்ச்சல் கூடினால் துறையில் பாதை இராது.

வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்து குளொக்சசிலின். 500 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 10 முதல் 14 நாள் வரை. உங்களுக்கான அளவை வைத்தியரே சொல்வார். வெறும் வயிற்றில், அதாவது சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பு எடுத்தால் நன்றாக வேலை செய்யும். பெனிசிலின் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே சொல்லுங்கள். வேறு மருந்து உண்டு. வீட்டில் மிச்சமிருக்கும் அமொக்சிலினைப் போட வேண்டாம். இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை அதை முறித்துவிடும்.

மருந்து எடுக்கும் நாட்களிலும் பால் கொடுக்கலாம். பிள்ளைக்குச் சற்று இளக்கமாக வயிற்றால் போகலாம். பெரும்பாலும் அது தானாக நிற்கும். மூன்றாம் நாள் சுகமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்தினால் அதே இடத்தில் மறுபடியும் வரும்.

மருந்துக்கும் குறையாவிட்டால்

இரண்டு நாள் மருந்து எடுத்தும் காய்ச்சல் நிற்காமல், கட்டி தனியாகத் திரண்டு, அழுத்தினால் உள்ளே நீர் இருப்பதுபோல் தெரிந்தால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். குளிசையால் மட்டும் அது மாறாது. வைத்தியசாலையில் ஊசியால் உறிஞ்சியோ சிறிதாகக் கீறியோ சீழை எடுப்பார்கள். வீட்டில் பத்துப் போடுவதும் ஊசியால் குத்துவதும் ஆபத்து. சீழ் எடுத்தபின்பும் மற்றப் பக்கத்தில் தொடர்ந்து பால் கொடுக்கலாம்; பிள்ளையின் வாய் காயத்தில் படாவிட்டால் அந்தப் பக்கத்திலும் கொடுக்கலாம். காய்ச்சல் மாறிப் பல நாளாகியும் கட்டி கரையாமல் நின்றால் அதையும் காட்டுங்கள்.

வளவுக்குப் போகுமுன்

வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை பால் கொடுங்கள். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிரிந்திருக்க வேண்டியிருந்தால் பிள்ளையை வளவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது நிழலில் இருந்து கறந்துவிடுங்கள். பிள்ளை சரியாகக் கவ்வுகிறதா என்று சந்தேகம் இருந்தால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரின் முன்னால் ஒரு தடவை கொடுத்துக் காட்டுங்கள். அவர் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்துவார்.