ஸ்டொகாஸ்டிக் 80-ஐத் தாண்டினால் விற்றுவிடலாமா?

ஸ்டொகாஸ்டிக் 80-க்கு மேல் போனால் ‘ஓவர்பாட்’, அதனால் விற்க வேண்டும் என்று பாடம் படித்துவிட்டு, ஏறும் பங்கில் மூன்று முறை ஷார்ட் போய் மூன்று முறையும் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். தப்பு கருவியில் இல்லை, அந்தப் பெயரில்தான் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்:

```
%K = (C - L14) / (H14 - L14) * 100
```

C இன்றைய முடிவு விலை. L14, H14 கடந்த 14 நாட்களின் அடிமட்ட, உச்ச விலைகள். யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பது இதில் எங்கேயும் இல்லை. 14 நாள் ஏற்ற இறக்கத்துக்குள் இன்றைய முடிவு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. சார்ட்டில் பெரும்பாலும் 14, 3, 3 என்று இருக்கும். அந்த 3-கள் கோட்டைச் சற்று வழவழப்பாக்குவதற்கு.

ஒரு பங்கு தினமும் 5 ரூபாய் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினான்காம் நாள் அடிமட்டம் 500, உச்சம் 570, முடிவு 567. 70-இல் 67, அதாவது 96. மறுநாள் முடிவு 572. ஆனால் முதல் நாள் கணக்கிலிருந்து கழன்றுவிடுவதால் அடிமட்டம் 505, உச்சம் 575 ஆகிவிடும். திரும்பவும் 70-இல் 67, அதே 96. இன்னும் ஒன்பது நாள் போய் விலை 617-க்கு வந்தாலும் 96-தான். 567-இல் ஷார்ட் போனவருக்குப் பங்குக்கு 50 ரூபாய் நஷ்டம். எண்ணோ அசையவே இல்லை. பிறகு நான்கு நாள் விலை இளைப்பாறி 608-இல் முடிந்தால், அடிமட்டம் 570, உச்சம் 620, எண் 76. ‘80-க்குக் கீழே வெட்டியது, விற்பனைக் குறி’ என்பார்கள். விலை இறங்கியது 9 ரூபாய்தான்.

அதனால் முதல் வேலை, ஸ்டொகாஸ்டிக்கை மறைத்துவிட்டு விலையை மட்டும் பார்ப்பது. கடைசி 50 கேண்டில்களில் உச்சங்கள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் முட்டித் திரும்பி, 50 நாள் சராசரிக் கோடு படுத்திருந்தால் அது ரேஞ்ச். உச்சமும் பள்ளமும் படிப்படியாக உயர்ந்து, சராசரிக் கோடும் சாய்வாக ஏறினால் டிரெண்ட். இரண்டும் இல்லாமல் குழப்பமாக இருந்தால் வேறு பங்கைப் பாருங்கள்.

ரேஞ்ச் என்று முடிவானால் 80-க்கு மதிப்பு உண்டு, ஆனால் சுவர் பக்கத்தில் இருந்தால் மட்டும். 400-க்கும் 440-க்கும் நடுவே ஆடும் பங்கு 436-இல் முடிந்தால் எண் 90. உடனே பாய வேண்டாம். அடுத்த நாட்களில் 430-க்கு இறங்கி எண் 75 ஆனதும் விற்கலாம். ஸ்டாப் லாஸ் 444, இலக்கு 408. 14 ரூபாய் ஆபத்து, 22 ரூபாய் வரவு. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: கடந்த 14 நாளும் விலை 415-க்கும் 430-க்கும் இடையிலேயே சுருங்கிக் கிடந்திருந்தால், 428-லேயே எண் 87 காட்டும். அது சுவரே இல்லை, நடுக்கூடம். விட்டுவிடுங்கள்.

டிரெண்ட் என்றால் 80-க்கு மேல் நிற்பது பலத்தின் அடையாளம். கையில் பங்கு இருந்தால் வைத்திருங்கள். புதிதாக வாங்க, எண் 30, 40 வரை தணிந்து, %K கோடு %D-ஐ மேல்நோக்கி வெட்டும் வரை காத்திருக்கலாம். 20-க்கு வரும் என்று உட்கார்ந்திருந்தால் பலமான ஏற்றத்தில் வண்டியே கிடைக்காது. வெளியேறுவதற்கு எண்ணைப் பார்க்காதீர்கள். கடைசிப் பள்ளத்துக்குக் கீழே விலை முடிந்தால் வெளியே வாருங்கள். இறங்கும் சந்தையில் இதையே தலைகீழாக வைத்துக்கொள்ளலாம்: 20-க்குக் கீழே இருக்கிறதே, மலிவு என்று வாங்கக் கூடாது.

2020 நவம்பர் 5 அன்று நிஃப்டி சுமார் 12,120-இல் முடிந்தபோது 14 நாள் எண் 90-ஐத் தாண்டியிருந்தது. அன்று விற்றவருக்கு அந்த ஆண்டு முடியும்வரை அந்த விலை திரும்பக் கிடைக்கவில்லை. டிசம்பர் 31-இல் குறியீடு 13,980-ஐ ஒட்டி நின்றது. நடுவில் டிசம்பர் 21 அன்று ஒரே நாளில் 3 சதவீதம் சரிந்தது உண்மை. ஆனாலும் முடிவு 13,300-க்கு மேல். நவம்பர் கடைசிப் பள்ளமோ 13,000-க்குக் கீழே.

ரேஞ்ச் டிரெண்டாக மாறும் நாளை மட்டும் யாரும் முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாது. 440 சுவரைத் தாண்டி 446-இல் முடிந்து, எண்ணும் 80-க்கு மேலேயே நின்றால், உங்கள் 444 ஸ்டாப் லாஸ் ஏற்கெனவே அடிபட்டிருக்கும். அந்த 14 ரூபாயை விட்டுவிட்டு, அதே பங்கில் மறுபடி ஷார்ட் போகாமல், அடுத்த தணிவில் வாங்க இடம் பாருங்கள்.