சனி மாலையும் ஞாயிறு காலையும் இனி கிளினிக் திறந்திருக்கும்

நம் கிளினிக்கில் ஏற்கெனவே சிகிச்சை பெற்ற எல்லோருக்கும்,

அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமை மாலை 4 மணி முதல் இரவு 9 மணி வரையிலும், ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலும் கிளினிக் திறந்திருக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. நேரத்தை மொபைலிலேயே பதிவு செய்துகொள்ளலாம். அதற்கான இணைப்பு இந்த மின்னஞ்சலின் அடியில் இருக்கிறது. யாரை நினைத்து இந்த நேரத்தை ஒதுக்கினேன், அதை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர் காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு எட்டு, எட்டரை ஆகிவிடுகிறது. பீஸ் ரேட்டில் தைப்பவர் ஒரு மதியம் எழுந்து வந்தால் அந்த மதியத்துக் கூலி போய்விடும். ஆகவே பல்வலி தூங்கவிடாமல் அடிக்கும்போது எப்படியாவது ஒருநாள் வந்துவிடுகிறார்கள். இரண்டாம் முறை வருவதுதான் தள்ளிப்போகிறது. வேர் சிகிச்சையில், நீங்கள் சொல்லும் ரூட் கேனாலில், அந்த இரண்டாம் முறைதான் பல்லின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

முதல் நாள் நாங்கள் செய்வது இது. பல்லை மரத்துப்போகச் செய்து, மேலே திறந்து, உள்ளே அழுகிய நரம்பை எடுக்கிறோம். கீழ்க் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் மூன்று கால்வாய்கள், சிலருக்கு நான்கு. ஒவ்வொன்றையும் மெல்லிய ஃபைலால் தேய்த்து, கிருமி கொல்லும் திரவத்தால் கழுவி, உள்ளே மருந்து வைத்து, மேலே தற்காலிக அடைப்பு போட்டு அனுப்புகிறோம். கடிக்கும்போது இரண்டு மூன்று நாள் லேசாக நோகும். பிறகு பெரும்பாலும் வலி இருக்காது. வலி சொல்ல அங்கே நரம்பே இல்லை என்பதால்தான் அது அடங்குகிறது. பல் குணமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. கால்வாய்கள் இன்னும் நிரப்பப்படவில்லை. மேலே இருக்கும் அடைப்பு சில வாரங்களுக்கானது. சாப்பிடச் சாப்பிடத் தேயும், ஓரத்தில் எச்சில் கசியும், கிருமி மறுபடி உள்ளே இறங்கும்.

தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் நடந்தது. கீழ்க் கடைவாய்ப்பல்லில் முதல் அமர்வு நன்றாக முடிந்தது. கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி. வார நாளில் வர வழியில்லை. மாதங்கள் ஓடின. அடைப்பில் பாதி விழுந்தும் வலி வராததால் அவர் கவலைப்படவில்லை. ஒருநாள் வறுத்த கடலையைக் கடித்தபோது பல் இரண்டாகப் பிளந்தது. பிளவு ஈறுக்குக் கீழே வேர் பிரியும் இடம்வரை ஓடியிருந்தது. எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. உள்ளே குடைந்து திறந்த கடைவாய்ப்பல்லின் சுவர்கள் மெலிந்திருக்கும். கேப் போடும்வரை கடிக்கும் விசை நேராக அந்தச் சுவர்களில் விழுகிறது. மூன்று ஞாயிறுகள் கிடைத்திருந்தால் அந்தப் பல் இன்றும் அவர் வாயில் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அதனால் வார இறுதி நேரத்தை அமர்வுகளுக்கு ஏற்றபடி அமைத்திருக்கிறோம். ஒரு ஞாயிறு காலை சிகிச்சையைத் தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு மணி நேரம். அடுத்த ஞாயிறு வலியும் வீக்கமும் இல்லை, கால்வாய் உலர்ந்திருக்கிறது என்றால் அதை நிரப்பி, மேலே நிரந்தர அடைப்பு போடுவோம். அதற்கும் ஒரு மணி நேரம். மூன்றாம் ஞாயிறு பல்லைச் செதுக்கி கேப்புக்கு அளவு எடுப்போம். ஞாயிறு லேப் கிடையாது. அளவு திங்கள்கிழமைதான் போகும். சாதாரணமாக நான்காம் ஞாயிறு கேப் பொருத்த அரை மணி நேரம் போதும். ஒரு நாள் கூலியும் இழக்காமல் ஒரு மாதத்தில் வேலை முடியும். சீழ் கட்டிய பல்லுக்கு மட்டும் இடையில் ஒரு அமர்வு கூடலாம்.

பதிவு செய்யும்போது எதற்காக வருகிறீர்கள் என்று பக்கம் கேட்கும். அதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘பல்லைப் பார்க்க’ என்று அழுத்தினால் 20 நிமிடம்தான் ஒதுக்கப்படும். அதற்குள் கால்வாய் நிரப்ப முடியாது, இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டிவரும். பாதியில் இருக்கும் சிகிச்சைக்கு ‘தொடர் சிகிச்சை’ என்பதையே அழுத்துங்கள். வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே மொபைல் எண் என்றால், ஓடிபி வந்தபின் யாருக்கு என்று பெயரைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அப்பாவின் எக்ஸ்ரே மகளின் பெயரில் திறக்கும். வர முடியாவிட்டால் முந்தின நாள் மாலைக்குள் ரத்து செய்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறொருவர் காத்திருப்பார்.

குறிப்பு எழுதும் கட்டத்தில் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை எழுதுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவை எடுப்பவர்கள் பல் எடுக்கப் போகிறோம் என்று தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். பெரும்பாலான சமயங்களில் நிறுத்தாமலே எடுக்கலாம், ரத்தத்தைக் கட்டுப்படுத்த எங்களுக்கு வழி இருக்கிறது. திடீரென்று நிறுத்துவது இதயத்துக்குத்தான் ஆபத்து. சர்க்கரை உள்ளவர்கள் ஊசி என்றதும் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். அது வேண்டாம். வழக்கமான மாத்திரையைப் போட்டு, சாப்பிட்டுவிட்டே வாருங்கள். பிறகு உதடு மரத்து இரண்டு மூன்று மணி நேரம் சாப்பிட முடியாது.

புதைந்திருக்கும் ஞானப்பல்லை அறுத்து எடுக்கும் வேலையை ஞாயிறு வைக்கமாட்டேன். இரவில் ரத்தம் கசிந்தால் பார்க்க ஆள் வேண்டும். சனி மாலை 6 மணிக்குள் செய்துவிட்டு ஞாயிறு காலை ஒருமுறை பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மூன்றாம் நாள் வலி குறையாமல் காதுவரை ஏறினால் பதிவு எதுவும் வேண்டாம், நேராக வாருங்கள். செவ்வாயாக இருந்தால் தொலைபேசியில் கூப்பிடுங்கள், வந்து திறக்கிறேன்.

வேறு சிலவற்றுக்கும் மொபைலில் நேரம் தேடக் கூடாது. கன்னம் வீங்கிக் காய்ச்சல் இருந்தால் உடனே கூப்பிடுங்கள். வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ சிரமமானாலோ எங்களிடம் வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த வீக்கம் மூச்சுப் பாதையை அடைத்துவிடும். குழந்தை விழுந்து நிரந்தரப் பல் முழுதாக வெளியே வந்துவிட்டால், வேரைத் தொடாமல் பல்லின் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, அரை மணிக்குள் கொண்டுவாருங்கள். பால்பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது. ஆனாலும் குழந்தையைக் காட்டுங்கள்.

கடைசியாக, தற்காலிக அடைப்போடு திரும்பி வராமல் இருப்பவர்களுக்கு. நாக்கு ஒரு பள்ளத்தைத் தொடுகிறதா, அந்தப் பக்கம் உணவு மாட்டிக்கொள்கிறதா, காலையில் கெட்ட சுவை வருகிறதா, ஈறில் சின்னக் கொப்புளம் வந்து வந்து போகிறதா என்று இன்றே பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் தாமதம் வேண்டாம். எதுவும் இல்லையென்றாலும் வரத்தான் வேண்டும். முதல் இரண்டு ஞாயிறுகளை உங்களுக்காகவே ஒதுக்கியிருக்கிறேன். அந்த நேரங்கள் பதிவுப் பக்கத்தில் தெரியாது. இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக உங்கள் பெயரை மட்டும் அனுப்புங்கள். பழைய எக்ஸ்ரேயை எடுத்துப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்கு வரலாம் என்று நாங்களே கூப்பிட்டுச் சொல்கிறோம்.

அன்புடன்,
உங்கள் பல் மருத்துவர்