வட்டியில்லாக் கடனின் வட்டி

அன்புள்ள வாசகருக்கு,

தங்கச்சிமடத்து மீனவர் ஒருவர் விசைப்படகுக் கடனை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அப்பா விட்டுப்போன மரவள்ளத்தையே பழுது பார்த்துக்கொண்டார் என்று எழுதியிருந்தேன். "பத்து லட்சம் வட்டியில்லாமல் வருகிறது, அதை விட்டுவிட்டுப் பழைய மரத்தைக் கட்டிக்கொண்டு அழுவதா?" என்று கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். அப்பாவின் படகு என்ற பாசம் அவருக்கு உண்டுதான். ஆனால் முடிவெடுத்தது பாசமல்ல, கணக்கு.

அவர் பார்த்து வைத்திருந்தது ஒரு பழைய விசைப்படகு. விலை 18 லட்சம். அதில் 10 லட்சத்தை மீன் வியாபாரி தருவதாகச் சொன்னார். மீதிக்கு மனைவியின் நகை, அப்பாவின் வள்ளம், வலைகள் எல்லாவற்றையும் விற்றாக வேண்டும். வியாபாரி வட்டி கேட்கவில்லை. கடன் தீரும்வரை பிடிக்கிற மீனெல்லாம் அவருக்கே வர வேண்டும், விலையில் நூற்றுக்குப் பத்து கழித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

அந்தப் பத்து எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் எல்லாம் போக, ஆண்டுக்கு நூறு முறை கடலுக்குப் போனால் பெரிய விஷயம்.

ஒருமுறை போய் வந்தால் 50,000 ரூபாய்க்கு மீன் என்று வைப்போம். முதலில் வியாபாரிக்கு 5,000. டீசல் 350 லிட்டர், லிட்டர் 90 ரூபாய் என்றால் 31,500. ஐஸுக்கும் சாப்பாட்டுக்கும் 3,500. மிஞ்சுவது 10,000. அதில் பாதி ஆட்களின் பங்கு. படகுக்காரர் கையில் நிற்பது 5,000. வலையை ஒருமுறைகூட இழுக்காத வியாபாரிக்கும் அதே 5,000!

நூறு முறைக்கு வியாபாரி எடுப்பது ஐந்து லட்சம். பத்து லட்சம் கடனுக்கு வருடம் நூற்றுக்கு ஐம்பது. இத்தனையும் போன பிறகு அசல் பத்து லட்சம் அப்படியே நிற்கும். அசலை அடைப்பது, கியர்பாக்ஸ் பழுது, புது வலை, வீட்டுச் செலவு எல்லாம் அவருடைய ஐந்து லட்சத்துக்குள் முடிய வேண்டும். மீன் கம்மியான நாளில் டீசல் குறையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 40,000 ரூபாய்க்கு மீன் கிடைத்தால் ஆயிரம் ரூபாய்தான் மிஞ்சும், அதையும் ஆட்களோடு பங்கு போட வேண்டும்.

கடன் நெருக்கினால் என்ன செய்வார்? கரையோரக் கடல் நாட்டுப்படகுக்கு. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே 1974 ஒப்பந்தத்தின் எல்லைக்கோடு வந்துவிடுகிறது. மீன் தேடிக் கோட்டைத் தாண்டினால் இலங்கைக் கடற்படை. அங்கே 2017-லேயே இழுவை வலையைத் தடை செய்துவிட்டார்கள், 2018-ல் அந்நியப் படகுகளுக்கான அபராதத்தையும் ஏற்றிவிட்டார்கள். ஆள் திரும்பி வந்தாலும் படகு வரும் என்று நம்ப முடியாது. படகு போனாலும் கடன் போகாது.

இனி வள்ளத்துக்கு வருவோம். அதை மணலில் ஏற்றி நன்றாகக் காயவைத்து ஆசாரியை அழைத்தார்கள். அவர் பலகை பலகையாகச் சுத்தியலால் தட்டினார். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும்; புழு துளைத்த மரம் பொத்தென்று கேட்கும். ஆணித் தலைகளைச் சுற்றித் துருக்கறை வழிகிறதா என்று பார்த்து, சந்தேகப்பட்ட இடங்களில் உளியால் குத்திப் பார்த்தார். அடிமரமும் வங்குகளும் உறுதியாக இருந்தன. நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு பலகைகள் மட்டும் போயிருந்தன. அடிமரம் போயிருந்தால் நானே "விற்றுவிடுங்கள்" என்று சொல்லியிருப்பேன், அதற்குமேல் பழுது பார்ப்பது வீண்செலவு. பலகை மாற்றி, இடுக்குகளில் பஞ்சுத்திரி அடைத்துக் கலப்பத்து பார்த்து, இன்ஜினையும் சரி செய்ததில் எண்பதாயிரத்துக்குள் முடிந்தது. அதற்கு ஒரு நகை அடகுக்குப் போனது, எல்லா நகையும் அல்ல.

இந்த வள்ளம் நண்டுவலைக்குப் போய் வர இருபது லிட்டர் டீசல் போதும். வலை வெறுமையாக வந்தாலும் நட்டம் இரண்டாயிரத்தைத் தாண்டாது. தடைக்காலத்திலும் நாட்டுப்படகு போகலாம்; விசைப்படகு கரையில் நிற்பதால் அப்போது மீன் விலையும் ஏறியிருக்கும். பிடித்ததை யார் கூடுதலாகக் கேட்கிறார்களோ அவருக்கு விற்கலாம்.

இதெல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. விசைப்படகு குறுக்கே வந்தால் போட்டுவைத்த நண்டுவலை மொத்தமாக அறுந்துபோகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கரையேற்றி மராமத்து பார்க்காவிட்டால் மரம் கைவிட்டுவிடும். மரப்படகு செய்யத் தெரிந்த ஆசாரிகளும் குறைந்துவிட்டார்கள். அந்த மீனவரின் மகன் இதே தொழிலுக்கு வந்தால் ஃபைபர் படகைத்தான் வாங்குவான்.

வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ சாதாரண வட்டிக்கு, மீனை யாருக்கும் விற்கலாம் என்ற நிலையில் கடன் கிடைத்திருந்தால் அவர் வேறு முடிவு எடுத்திருக்கலாம். வியாபாரி காட்டிய கடனை மறுத்தது சரிதான். உங்களுக்குத் தெரிந்த யாராவது படகுக்குக் கடன் வாங்கப் போனால், வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், மீனை யாருக்கு, என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கட்டுரையாளர்