ஸ்பீக்கரில் 'உம்ம்' கேட்கிறதா? கேபிள் முனையைப் பாருங்கள்

ஒரு படுக்கையறை ஸ்டூடியோவை எடுத்துக்கொள்வோம். மேசையில் ஒரு லேப்டாப், மூன்றாம் தலைமுறை ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்ஃபேஸ், ஆடியோ டெக்னிகா ஏடி2020 கண்டென்சர் மைக், பிக்கப் வைத்த ஒரு கிடார், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு யமஹா எச்எஸ்5 மானிட்டர் ஸ்பீக்கர்கள். பாட்டு ஓடும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நிறுத்தியதும் அடியில் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கிறது. மவுஸை நகர்த்தினால் அதோடு மெல்லிய கீச்சொலியும் சேர்கிறது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் இன்டர்ஃபேஸைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கேபிள்களை முதலில் கழற்றிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

கால் அங்குல ஜாக், அதாவது 6.35 மில்லிமீட்டர் ஜாக், பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். வித்தியாசம் உலோகத் தண்டில் ஓடும் கறுப்பு வளையங்களில் இருக்கிறது. ஒரே ஒரு வளையம் இருந்தால் அது டிஎஸ். நுனியான டிப், அடிப்பாகமான ஸ்லீவ் என்று அதில் இரண்டே தொடர்புகள். இரண்டு வளையம் இருந்தால் நடுவில் ரிங் என்ற மூன்றாவது தொடர்பும் சேர்ந்து டிஆர்எஸ் ஆகிறது. சென்னை ரிச்சி தெருக் கடைகளில் 'மோனோ பி-38', 'ஸ்டீரியோ பி-38' என்று கேட்டால் இவற்றை எடுத்துத் தருவார்கள். மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆருக்கு அங்கே 'கேனான்' என்று பெயர்.

டிஎஸ் கேபிளுக்குள் ஒலியைச் சுமப்பது ஒரே கம்பி. அதைச் சுற்றியுள்ள ஷீல்டு, ஒலி திரும்பி வரும் பாதையாகவும் வேலை செய்கிறது. இது அன்பேலன்ஸ்டு. வழியில் ஒட்டிக்கொள்ளும் மின் இரைச்சலை ஒலியிலிருந்து பிரிக்க இதில் வழியே இல்லை. பேலன்ஸ்டு கேபிளில் இரண்டு கம்பிகள். ஒன்றில் ஒலி நேராகவும், மற்றொன்றில் அதே ஒலி தலைகீழாகவும் போகும். முதல் கம்பியில் +1, இரண்டாவதில் −1 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலுள்ள மின்வயர் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவாக 0.2 இரைச்சலை ஏற்றுகிறது. இப்போது அவை 1.2, −0.8 ஆகின்றன. ஸ்பீக்கர் உள்ளே முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்கிறது: 1.2 − (−0.8) = 2. ஒலி முழுதாக வந்துவிட்டது, இரைச்சல் கணக்கிலிருந்தே காணாமல் போய்விட்டது.

இந்தக் கழித்தல் கேபிளுக்குள் நடப்பதில்லை, பெறும் கருவிக்குள் நடக்கிறது. அதனால் அனுப்பும் கருவி, கேபிள், பெறும் கருவி மூன்றும் பேலன்ஸ்டாக இருந்தால்தான் முழுப் பலன். பலர் சறுக்கும் இடம் இதுதான். கிடாருக்கு விலை உயர்ந்த டிஆர்எஸ் கேபிள் வாங்கி மாட்டினாலும் சாதாரண கிடாரின் வெளியீடு அன்பேலன்ஸ்டுதான், பணம்தான் வீண்.

இனி ஒவ்வொன்றாக இணைக்கலாம். முதலில் மைக். இதற்கு இருபுறமும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிள்தான் வேண்டும். துளையுள்ள முனை மைக்குக்கு, பின் உள்ள முனை இன்டர்ஃபேஸுக்கு. 2ஐ2-வின் முன்பக்கத் துளை எக்ஸ்எல்ஆரையும் கால் அங்குல ஜாக்கையும் ஏற்கும். ஆனால் உள்ளே இரண்டுக்கும் பாதை வேறு: மைக்குக்கான ப்ரீஆம்ப்பும் 48 வோல்ட் பாண்டம் பவரும் எக்ஸ்எல்ஆர் வழியில் மட்டுமே கிடைக்கும். ஏடி2020-க்கு அந்த 48 வோல்ட் இல்லாமல் உயிரில்லை. மலிவான கரோக்கி மைக்குகளோடு ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர், மறுபக்கம் மோனோ ஜாக் உள்ள கேபிள் வருவதுண்டு. அதை அப்படியே மாட்டிவிட்டு, 'கெயினை முழுக்கத் திருகியும் சத்தமே இல்லை' என்று குறைப்படுபவர்கள் அதிகம். கேபிளை மட்டும் எக்ஸ்எல்ஆராக மாற்றினால் போதும், அதே மைக் பேசும். மைக்கை மாட்டும்போதும் கழற்றும்போதும் 48 வோல்ட் அணைந்திருக்கட்டும். மானிட்டர் ஒலியும் குறைந்திருக்கட்டும்.

அடுத்து கிடார். மோனோ ஜாக் கேபிள், மூன்று மீட்டர், இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' அமுக்கியிருக்க வேண்டும். அவ்வளவுதான். பேட்டரி ப்ரீஆம்ப் இல்லாத பிக்கப் என்றால் ஆறு மீட்டரைத் தாண்ட வேண்டாம். நீளம் கூடக் கூட ஒலியின் கூர்மை மழுங்கும்.

ஸ்பீக்கருக்கு வருவோம். 2ஐ2-வின் பின்புறம் உள்ள இரண்டு வெளியீடுகளும் பேலன்ஸ்டு டிஆர்எஸ். எச்எஸ்5-இன் முதுகில் எக்ஸ்எல்ஆர், கால் அங்குல ஜாக் இரண்டும் உண்டு, இரண்டுமே பேலன்ஸ்டு. எது உயர்ந்தது என்ற விவாதம் இங்கே தேவையற்றது. ஒலித்தரத்தில் வேறுபாடு இல்லை. எக்ஸ்எல்ஆர் பூட்டிக்கொள்ளும், இழுத்தால் வராது. ஜாக்கைச் செருகும்போது தொடர்புகள் ஒன்றோடொன்று உரசி 'பட்' என்று வெடிக்கும், அதனால் அந்த நேரத்தில் ஸ்பீக்கரை அணைத்துவிட வேண்டும். ஆக, இருபுறமும் டிஆர்எஸ், அல்லது ஒரு பக்கம் டிஆர்எஸ், மறுபக்கம் பின் உள்ள எக்ஸ்எல்ஆர். இரண்டில் எது கையில் இருந்தாலும் சரி.

செய்யக்கூடாத ஒன்று உண்டு. லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஸ்டீரியோ கேபிளை நேராக ஒரு மானிட்டரின் டிஆர்எஸ் துளையில் செருகுவது. ஹெட்ஃபோன் ஜாக்கிலும் மூன்று தொடர்புகள்தான், ஆனால் அது பேலன்ஸ்டு அல்ல; டிப்பில் இடது, ரிங்கில் வலது. ஸ்பீக்கர் வழக்கம்போல ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும். இரு பக்கமும் சமமாக ஒலிக்கும் பாடகர் குரல் மறைந்து, ஓரத்து வாத்தியங்களும் எதிரொலியும் மட்டும் மிஞ்சும். பாட்டில் குரல் மட்டும் காணவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இந்தக் கேபிள்தான்.

இப்போது அந்த 'உம்ம்'. இன்டர்ஃபேஸின் மானிட்டர் குமிழை முழுக்கக் குறையுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால், அது குமிழுக்குப் பிறகுதான் நுழைகிறது. ஸ்பீக்கரை அணைத்து, கேபிளை அதிலிருந்து உருவி, ஸ்பீக்கரை மட்டும் மீண்டும் போடுங்கள். அமைதியானால் இரைச்சல் கேபிள் வழியாகவே வந்திருக்கிறது. கேபிளைத் திரும்ப மாட்டி, லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். அப்போது அடங்கினால், லேப்டாப்பும் ஸ்பீக்கரும் வெவ்வேறு வழியில் எர்த்தோடு இணைந்து, அந்த வட்டத்தில் ஓடும் மின்சாரம் ஷீல்டில் ஏறுகிறது என்று பொருள். மோனோ கேபிளில் ஷீல்டும் ஒலிப்பாதையின் பகுதி என்பதால் அது அப்படியே காதுக்கு வருகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த இரைச்சல் 50, 100 ஹெர்ட்ஸ் சுருதிகளில் தாழ்ந்து ஒலிக்கும். டிஆர்எஸ் கேபிளுக்கு மாறி, எல்லாப் பிளக்குகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போட்டால் பெரும்பாலும் தீரும். பிளக்கின் எர்த் பின்னை உடைத்தும் இதை நிறுத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கவே கூடாது. அந்தப் பின் இருப்பது ஷாக் அடிக்காமல் காக்க. கிடார் பிக்கப்பே பிடிக்கும் இரைச்சலையும் மைக்கில் விழும் மின்விசிறிச் சத்தத்தையும் எந்தக் கேபிளும் நீக்காது.

இந்த அறைக்கு வாங்க வேண்டியது மூன்று மீட்டர் எக்ஸ்எல்ஆர் ஒன்று, மூன்று மீட்டர் மோனோ பி-38 ஒன்று, இரண்டு மீட்டர் ஸ்டீரியோ பி-38 இரண்டு. சில மலிவான கேபிள்களில் முனை டிஆர்எஸ்ஸாக இருந்தாலும் உள்ளே ஒற்றைக் கம்பியே ஓடும். ரிங்கை ஸ்லீவோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். கடையிலேயே மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்துச் சோதியுங்கள். ஒரு முனையின் ரிங்கும் மறுமுனையின் ரிங்கும் பீப் அடிக்க வேண்டும். ரிங்கும் ஸ்லீவும் பீப் அடித்தால் அந்தக் கேபிளை வாங்காதீர்கள்.