பதினோரு கோடுகளில் எது தேவை?

கேள்வி: ஐயா, கெப்பாலா பத்தாஸில் ஓர் அரிசி மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். எங்கள் லோரிகளின் மாதாந்திர டீசல் செலவை எக்செல்லில் கோட்டு வரைபடமாகப் போட்டேன். டீசல் விலை ஏறிய நாள், பெருநாள்கள், லோரி பழுதான நாள் என்று பதினோரு செங்குத்துக் கோடுகள். 9,000 ரிங்கிட் இலக்குக்குச் சிவப்பாக ஒரு படுக்கைக் கோடு. "இதில் செலவு எது?" என்று முதலாளி கேட்கிறார். எதை நீக்குவது?

பதில்: முதலில் சிவப்புக் கோட்டைப் பாருங்கள். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறியது. உங்கள் 9,000 ரிங்கிட் பழைய விலையில் சுமார் 4,200 லிட்டர். அன்றைய புதிய விலையில் 2,700 லிட்டர்கூட வரவில்லை. லோரி அதே தூரம்தான் ஓடுகிறது, ஆனால் படம் ஓட்டுநரைக் குற்றவாளி ஆக்குகிறது. மானிய விலைக்கான அட்டை உங்களுக்கு இடையில் கிடைத்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும். முதலாளி கேட்க நினைப்பது டீசல் வீணாகிறதா என்பதென்றால், லிட்டரில் வரையுங்கள். விலைக் கோடே வேண்டாம், 4,200 லிட்டர் இலக்கும் நிலையாக நிற்கும்.

ரிங்கிட்டில்தான் வேண்டும் என்றால், இலக்கைப் படிக்கட்டாக வரையுங்கள்: 2024 ஜூன் 9 வரை 9,000, ஜூன் 10 முதல் சுமார் 14,000, பிறகு விலை மாறும்போதெல்லாம் ஒரு புதுப் படி. சாம்பல் நிறம் போதும். "இலக்கு" என்ற சொல்லைக் கோட்டின் வலது முனையிலேயே எழுதிவிட்டால் பக்கத்தில் விளக்கப் பெட்டி எதற்கு?

இங்கே ஒரு பொறி உண்டு. மாதத் தொகையை எக்செல் பெரும்பாலும் ஒன்றாம் தேதியில் புள்ளியாக வைக்கும். மாதம் 4,000 லிட்டர் என்று கொள்வோம். மே மாதம் 8,600 ரிங்கிட். ஜூனில் 9 நாள் பழைய விலை, 21 நாள் புது விலை, ஆக 11,960. அந்தப் புள்ளி ஜூன் 1-இல் விழுகிறது, விலைக் கோடோ 10-இல் நிற்கிறது. விலை ஏறுமுன்பே செலவு ஏறியதாகத் தெரியும்! புள்ளிகளை மாத நடுவில், 15-ஆம் தேதியில் வையுங்கள்.

மற்ற கோடுகளில், அதற்குப் பிறகு செலவின் மட்டமே மாறியது என்றால் மட்டும் கோடு நிற்கட்டும். பெருநாள்கள் ஆண்டுதோறும் வருபவை. அடி அச்சில் சிறு குறிகள் போதும். பழுது ஒரு மாதத்தோடு முடிந்தது, அந்தப் புள்ளியருகே இரண்டு சொல் எழுதுங்கள்.

கோட்டை Shapes-இல் வரைய வேண்டாம். புது மாதம் சேர்ந்ததும் அது இடம் தவறிவிடும். படத்தை Scatter வகைக்கு மாற்றி, நிகழ்வுத் தேதியில், அச்சின் உச்ச மதிப்பில் ஒரு புள்ளி சேருங்கள். அதற்கு Error Bars கொடுத்து, செங்குத்தானதில் Minus, Percentage 100 என்று வையுங்கள். கூடவே வரும் கிடைமட்டக் கோட்டை அழித்துவிடுங்கள். அச்சு பூஜ்யத்தில் தொடங்கினால் கோடு அடிவரை இறங்கும்.